ஆகுர்டியின் கரும்பாறையும் ‘வெறும் தியரி’ என்ற சொல்லும்

புணேயை அடுத்த ஆகுர்டியில் வீட்டுக்கு அடித்தளம் தோண்டுவோர் சில அடிகளிலேயே கரும்பாறையை எட்டிவிடுகின்றனர். தமிழ்நாட்டில் கருங்கல் என்று நாம் வழங்கும் கல்லன்று இது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் பிளவுகளிலிருந்து வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு. புவியியலார் இதனைப் பசால்ட் என்பர். ஆகுர்டியில் ரயிலேறி லோனாவாலா கடந்து கண்டாலா மலைச்சரிவை அடைந்தால், அடுக்கின்மேல் அடுக்காக அக்குழம்புப் படிவுகளைக் கண்ணாலேயே எண்ணலாம். ‘அது வெறும் தியரிதான்’ என்று ஓர் அறிவியல் முடிவை ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. கருதுகோள் எது, கோட்பாடு எது என்னும் வேறுபாட்டை அறிய இப்பாறையின் வரலாற்றைவிடப் பொருத்தமான சான்று அரிது.

1912இல் ஆல்ஃபிரட் வெகனர் கண்டங்கள் நகர்ந்தன என்று அறிவித்தார். தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா ஆகியவற்றில் ஒரே வகைத் தாவரப் புதைபடிவங்களும், ஒரே காலத்துப் பனியாற்றுத் தடங்களும் காணப்பட்டமை அவர் காட்டிய சான்று. அச்சான்று வலுவானதே. எனினும் அவர் கூற்று கருதுகோள் என்ற நிலையிலேயே நின்றது. கண்டத்தை நகர்த்தும் விசை எது என்பதற்கு அவர் சொன்ன விடையை ஹெரால்டு ஜெஃப்ரீஸ் முதலிய இயற்பியலார் கணக்கிட்டு, அது மிக மிகச் சிறியது என்று காட்டினர். அதே புதைபடிவங்களை மூழ்கிப்போன நிலப்பாலங்களைக் கொண்டும் விளக்க இயன்றது. ஆகவே அன்று ஐயுற்றவர்களை மூடர் என்பது நியாயமாகாது. இரு விளக்கங்களில் ஒன்றைத் தோற்கடிக்கக்கூடிய அளவீடு அவர்கள் கையில் இல்லை என்பதே உண்மை நிலை.

அவ்வளவீட்டுக்கான கருவி வேறொரு கருதுகோளின் தோல்வியிலிருந்து வந்தது. நோபல் பரிசு பெற்ற பேட்ரிக் பிளாக்கெட், சுழலும் பெரும் பொருள் எதுவாயினும் அச்சுழற்சியினாலேயே காந்தப்புலம் பெறும் என்று கருதினார். பூமியோடு சேர்ந்து சுழலும் ஆய்வுக்கூடத்தில் அசையாது வைக்கப்பட்ட, சுமார் 15 கிலோ எடையுள்ள தூய தங்க உருளையும் மிக நுண்ணிய புலம் ஒன்றைக் காட்ட வேண்டும். அதனை அளக்க மிகு நுண்ணுணர்வுள்ள காந்தமானி ஒன்றை அவர் உருவாக்கினார். புலம் ஏதும் தென்படவில்லை. 1952இல் அத்தோல்வியை அவரே விரிவாக வெளியிட்டார். கருதுகோள் மாண்டது; கருவி எஞ்சியது. பாறைகளில் உறைந்துள்ள மெல்லிய காந்தத்தை அளக்க அது ஏற்றதாய் அமைந்தது.

பசால்ட்டில் மாக்னடைட் என்னும் இரும்புக் கனிமம் உண்டு. குழம்பு உறைந்து, சுமார் 580 பாகை செல்சியஸுக்குக் கீழே குளிரும்போது, அக்கனிமம் அன்றைய புவிக்காந்தப் புலத்தின் திசையைப் பதிந்துகொள்கிறது. அத்திசை கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு சாய்கிறது என்பது இடத்தின் அட்சரேகையைப் பொறுத்தது. சாய்வை I என்றும் அட்சரேகையை λ என்றும் கொண்டால் உறவு இது:

tan I = 2 tan λ

ஆகுர்டி 18.6 பாகை வடக்கில் உள்ளது. பாறை உறைந்த நாளிலும் அது அங்கேயே இருந்திருப்பின், சாய்வு கீழ்நோக்கி ஏறத்தாழ 34 பாகையாக இருத்தல் வேண்டும். தென்கோளத்தில் இருந்திருப்பின், வடக்கு நோக்கும் திசை மேல்நோக்கிச் சாய வேண்டும். வெகனரின் கூற்று இங்குதான் முதன்முறையாகத் தோற்கும் வாய்ப்பைப் பெற்றது. கீழ்நோக்கி 34 பாகை என்று அளவீடு வந்திருந்தால், இந்தியாவைப் பொறுத்தவரை கண்ட நகர்வு அன்றே முடிந்திருக்கும்.

1950களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் மாணவர் எட்வர்ட் இர்விங் ஒரு சில தக்காணப் பாறைகளை வரவழைத்து அளந்தார். (அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் ஏற்கவில்லை என்பது ஆய்வு மாணவர்கள் நினைவில் கொள்ளத்தக்கது.) 1956இல் பிளாக்கெட்டின் குழுவைச் சார்ந்த கிளெக், டாய்ச், கிரிஃபித்ஸ் ஆகியோர் இந்தியப் பாறைகளின் காந்தம் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். 1959இல் மும்பையின் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் பணியாக டாய்ச், ராதாகிருஷ்ணமூர்த்தி, சகஸ்ரபுத்தே ஆகியோரின் ஆய்வு வெளிவந்தது. வடக்கு நோக்கிய திசை மேல்நோக்கியே சாய்ந்திருந்தது. சாய்வை 45 பாகை என்று கொண்டு மேற்கண்ட உறவில் இட்டால் அட்சரேகை சுமார் 27 பாகை தெற்கு என்று வரும். அங்கிருந்து இன்றைய ஆகுர்டி வரை ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர்.

இதனை உடனே நம்பிவிட இயலாது. புவிக்காந்தத் திசை நூற்றாண்டுக்கு நூற்றாண்டு அலைகிறது. ஒரு படிவை மட்டும் அளந்தால் அந்த அலைவே விடையாகிவிடும். எனவே பல படிவுகளை அளந்து சராசரி காண வேண்டும். மலையுச்சிப் பாறையில் மின்னல் தாக்கினால் காந்தம் மிகுந்து திசைகள் சிதறும். அச்சிதறலே அம்மாதிரியைக் காட்டிக்கொடுக்கும். இன்றைய புலம் பாறையில் மெல்ல ஏறியிருப்பின், திசைகள் இன்றைய திசையை நோக்கி இழுபட்டிருக்கும். தக்காணத்திலோ கீழ்ப் படிவுகள் தெற்கு நோக்கிக் கீழே சாய்ந்தும், மேற்படிவுகள் வடக்கு நோக்கி மேலே சாய்ந்தும், ஒன்றுக்கொன்று நேர் எதிராக உள்ளன. இடையில் புவிக்காந்தமே தலைகீழாயிற்று என்பதை இது காட்டுகிறது. பிற்காலத்தில் ஏறிய காந்தம் இவ்வாறு இரு நேர் எதிர்த் திசைகளில் அமையாது.

ஓர் ஓட்டை எஞ்சியது. இந்தியா வடகோளத்திலேயே இருந்து கிட்டத்தட்ட அரைச்சுற்றுத் திரும்பியிருந்தாலும் இதே அளவீடு கிடைக்கும். அரைச்சுற்றை யாரும் பெரிதாக நம்பவில்லை. ஆயினும் பாறைகளை மட்டும் கொண்டு அதனை விலக்க இயலாது.

விடை கடலடியிலிருந்து வந்தது. 1963இல் வைனும் மேத்யூஸும் கடல் நடுமலைத் தொடரின் இருபுறமும் காந்தப் பட்டைகள் ஏன் அமைகின்றன என்பதற்கு ஒரு விளக்கம் தந்தனர். அவர்கள் பயன்படுத்திய தரவு இந்தியப் பெருங்கடலின் கார்ல்ஸ்பர்க் தொடரிலிருந்து எடுக்கப்பட்டது. புதிய கடலடி உருவாகி இருபுறமும் விலகினால், புவிக்காந்தம் தலைகீழாகும் ஒவ்வொரு முறையும் ஒரு பட்டை பதியும் என்றனர். இதுவும் அப்போது கருதுகோள்தான். இன்றும் அப்பெயராலேயே குறிக்கப்படுகிறது. பட்டைகள் தொடரின் இருபுறமும் கண்ணாடி பிம்பம்போல் அமைய வேண்டும் என்ற அதன் கணிப்பு 1966க்குள் உறுதியாயிற்று. 1967, 1968 ஆண்டுகளில் மெக்கென்சி, பார்க்கர், மார்கன், லெ பிஷோன் ஆகியோர் உறுதியான தட்டுகள் கோளத்தின்மேல் சுழல்கின்றன என்ற வடிவியலை அமைத்தனர். 1971இல் மெக்கென்சியும் ஸ்கிளேட்டரும் இந்தியப் பெருங்கடலின் பட்டைகளைப் பின்னோக்கி மூடிப் பார்த்தபோது, இந்தியா தெற்கே சென்று அமர்ந்தது. அரைச்சுற்று தேவைப்படவில்லை.

கோட்பாடு என்பது இந்த நிலையைக் குறிக்கிறது. வெகனரின் கருதுகோள் முதிர்ந்து பதவி உயர்வு பெறவில்லை. கண்டம் கடலடியைக் கிழித்துச் செல்கிறது என்ற அவருடைய படம் கைவிடப்பட்டது. நிலநடுக்கப் பட்டைகள், இமயமலை, கடலடியின் வயது, ஆகுர்டிப் பாறையின் சாய்வு என்று தனித்தனியே நின்றவற்றை ஒரே இயக்கத்தால் பிணைத்து, புதிய எண்களைக் கணிக்கும் அமைப்பே புவித்தட்டுக் கோட்பாடு. 5,000 கிலோமீட்டரை 6.6 கோடி ஆண்டுகளால் வகுத்தால் ஆண்டுக்குச் சராசரி சுமார் 7.6 சென்டிமீட்டர், இன்று செயற்கைக்கோள் கருவிகள் நேரடியாக அளப்பது ஆண்டுக்குச் சுமார் 5. ஆசியாவோடு மோதியபின் வேகம் குறைந்தது என்பதோடு இது இயைகிறது. தட்டுகளை இயக்கும் விசைகளின் பங்கீடு பற்றி இன்னும் விவாதம் உண்டு. அவ்விவாதம் கோட்பாட்டுக்குள் நிகழ்வது. தட்டுகள் நகர்கின்றனவா என்பது பற்றியதன்று.

அதே பாறையின்மேல் இன்று ஒரு கருதுகோளும் நிற்கிறது. டைனோசர்களின் அழிவில் தக்காண எரிமலைகளுக்குப் பெரும்பங்கு உண்டென்பது அது. விண்கல் மோதிய காலத்துக்கு முன் எவ்வளவு குழம்பு வழிந்தது, பின் எவ்வளவு என்பதில்தான் அதன் வெற்றி தோல்வி உள்ளது. 2019இல் ஒரே இதழில் இரு குழுக்கள் தனித்தனி முறைகளால் படிவுகளின் வயதை அளந்து வெளியிட்டன. பெருவெடிப்பு ஒன்று அழிவுக்குச் சற்று முன் நிகழ்ந்தது என்றது ஒரு குழு. பெரும்பகுதிக் குழம்பு அதற்குப் பின்னரே வழிந்தது என்றது மற்றொன்று.