டெண்டரைத் துண்டு போட்டால் தணிக்கையில் எப்படிச் சிக்கும்?

கொல்கத்தா மாநகராட்சி, 2010-களின் தொடக்கத்தில் தெருக்களில் திரிசூல வடிவ விளக்குகளை நட்டது. மதிப்பு சுமார் 27 கோடி ரூபாய். அப்போது 5 லட்சத்தைத் தாண்டினால் இ-டெண்டர் கட்டாயமாக இருந்தது. ஆனால் வேலை அந்த வரம்புக்குள் அடங்கும் சின்னச் சின்ன ஆர்டர்களாகப் பிரிக்கப்பட்டதைத் தணிக்கை சுட்டிக்காட்டியது.

இதை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? ஒரு ஃபைலை மட்டும் பார்த்தால் தப்பே தெரியாது. எல்லா ஆர்டர்களையும் தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள். ஒரே பொருள், நெருங்கிய தேதிகள், வரம்புக்குச் சற்றே கீழான தொகை என்றால் சந்தேகம் வலுக்கும். மொத்தத் தேவை முன்பே தெரிந்திருந்தால் ‘அவசரம்’ என்ற பதிலும் எடுபடாது. அடுத்து, கொடுத்த விலையைச் சந்தை விலையோடு ஒப்பிடுவார்கள்.

ஒன்றைக் கவனிங்க: பிரித்து வாங்கியது விதிமீறல்தான், லஞ்சத்துக்கு அது மட்டுமே ஆதாரம் ஆகாது. அதை நிரூபிப்பது விசாரணை அமைப்பின் வேலை.