ஒரே புதன்கிழமைக்கு இரண்டு தேதிகள்: சோழமண்டலக் கரையில் தேதி எழுதும் முறையின் வரலாறு

1746ஆம் ஆண்டு லா பூர்தொனே தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டது. மூன்று நாளில் ஆங்கிலேயர் பணிந்தார்கள். புதுச்சேரியில் அந்த நாள் செப்டம்பர் 21. கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயருக்கு அதே நாள் செப்டம்பர் 10. இரு ஊருக்கும் இடையே நூறு மைல்கூட இல்லை. தேதிக் கணக்கில் பதினொரு நாள் இடைவெளி.

1582இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி திருத்திய நாட்காட்டியைப் பிரான்ஸ் உடனே ஏற்றது. இங்கிலாந்து நூற்றெழுபது ஆண்டுகள் பழைய ஜூலியன் கணக்கிலேயே இருந்தது. தொடக்கத்தில் வேறுபாடு பத்து நாள். 1700ஆம் ஆண்டு ஜூலியன் கணக்கில் லீப் ஆண்டு, கிரிகோரியன் கணக்கில் இல்லை. அதனால் அந்த ஆண்டு முதல் வேறுபாடு பதினொன்றானது. தரங்கம்பாடியை ஆண்ட டென்மார்க் அந்த ஆண்டுதான் புதிய முறைக்கு மாறியது. ஆக, பதினெட்டாம் நூற்றாண்டின் முதல் பாதியில் இந்தக் கரையிலிருந்த ஐரோப்பியரில் பழைய முறையை விடாமல் வைத்திருந்தவர்கள் ஆங்கிலேயர்தான்.

எல்லை தாண்டிக் கடிதம் எழுதிய வணிகரும் தூதரும் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். இரண்டு தேதிகளையும் பின்னம் போல எழுதுவது: 10/21 செப்டம்பர் 1746. மாதம் மாறினால் இரண்டு மாதத்தின் பெயரும் வரும். இரண்டையும் எழுத இடமில்லாவிட்டால் பழைய முறை, புதிய முறை என்று ஒரு சொல் சேர்ப்பார்கள். கணக்குப் போடும் வேலை எழுதுகிறவர் தலையில். படிக்கிறவர் தம் தேதியை எடுத்துக்கொண்டால் போதும்.

ஆனால் சாய்கோடு இன்னொரு வேலையும் செய்தது. இங்கிலாந்தில் 1752 வரை சட்டப்படியான ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ஆண்ட்ரூ கோகனும் பிரான்சிஸ் டேயும் கோட்டை கட்டச் சென்னப்பட்டினத்துக்கு வந்து சேர்ந்த 1640 பிப்ரவரி 20, அவர்கள் கணக்கில் 1639ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இதை 1639/40 என்று எழுதுவது வழக்கம். நாளுக்கு நடுவே வரும் கோடு ஒரு பொருள், ஆண்டுக்கு நடுவே வரும் கோடு வேறு பொருள். பழைய ஆவணங்களைப் படியெடுத்தவர்கள் இங்கே வழுக்குவார்கள். ஒருவர் ஆண்டைத் திருத்தி எழுதியிருப்பார். அது திருத்தப்பட்டது என்று தெரியாமல் அடுத்தவர் இன்னொரு முறை திருத்துவார். முறை எது என்று சொல்லாத தேதியின் ஆபத்து இதுதான்: தவறு நடந்த தடமே அதில் இருக்காது.

தடம் கிடைக்கும் இடம் ஒன்று உண்டு, அது கிழமை. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் ஐரோப்பியத் தேதியோடு தமிழ் ஆண்டு, மாதம், தேதி, கிழமை எல்லாம் வரும். புதுச்சேரிக்காரர் என்பதால் ஐரோப்பியத் தேதி பிரெஞ்சுக் கணக்குப்படிப் புதிய முறை. கோட்டை விழுந்தது அட்சய வருஷம் புரட்டாசி, புதன்கிழமை. நாட்காட்டிகள் தேதியில்தான் சண்டை போட்டன. ஏழு நாள் சுற்றில் எதுவும் கைவைக்கவில்லை. பதினொரு நாள் என்பது ஒரு வாரமும் நாலு நாளும். ஆகவே ஒரே தேதி எண் இரண்டு முறைகளிலும் நாலு கிழமை தள்ளி விழும்.

சோதித்துப் பார்க்கலாம். முறை குறிப்பிடாத ஒரு தாளில் ‘செப்டம்பர் 10, 1746, புதன்’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். புதிய முறையில் அந்தத் தேதி சனிக்கிழமை. பழைய முறையில்தான் புதன். எழுதியவர் ஆங்கிலேயக் கணக்கில் இருந்தார் என்று ஒரு வரியில் முடிந்துவிடும். கிழமையை அலங்காரமாக நினைத்து விட்டுவிட்ட பதிப்பாசிரியர்கள் இந்தச் சாவியைத் தொலைத்தவர்கள் என்பது என் கருத்து.

இந்தச் சாவிக்கும் எல்லை உண்டு: நாள் எப்போது தொடங்குகிறது என்பதில் ஊருக்கு ஊர் பேதம். ஐரோப்பியருக்கு நள்ளிரவில், பஞ்சாங்கத்துக்குச் சூரிய உதயத்தில். பின்னிரவு இரண்டு மணிக்கு நடந்தது தமிழ்க் கணக்கில் முந்தைய கிழமையிலேயே சேரும். கப்பல்காரர்கள் கதை இன்னும் வேடிக்கை. அவர்கள் பதிவேட்டில் நாள் நண்பகலில் தொடங்கியது, அதுவும் கரையிலுள்ளவர்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்னதாகவே. 1746இல் சென்னைத் துறையில் பிரெஞ்சுக் கப்பல்களைச் சிதைத்த புயல் ஆங்கிலேய வரலாறுகளில் அக்டோபர் 2 இரவு. பிரெஞ்சுக் கணக்கில் அக்டோபர் 13. அன்று இரவு எட்டு மணிக்கு ஓர் ஆங்கிலக் கப்பலின் பதிவேடு எழுதப்பட்டிருந்தால் அதில் அக்டோபர் 3 என்றுதான் இருந்திருக்கும். பிரிட்டிஷ் கடற்படை இந்த வழக்கத்தை 1805இல்தான் கைவிட்டது.

1752இல் இங்கிலாந்தும் மாறியது. செப்டம்பர் 2, புதன்; மறுநாள் செப்டம்பர் 14, வியாழன். தேதி குதித்தது, கிழமை குதிக்கவில்லை. இரட்டைத் தேதியின் தேவை மெல்ல ஒழிந்தது.

தந்தியும் ரயிலும் வந்தபோது சிக்கல் மணிக்கு இடம் மாறியது. சென்னை வானியல் ஆய்வகத்தின் நேரம் கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் முன்னே. கல்கத்தா அதற்கும் அரை மணிக்கு மேல் முன்னே, பம்பாய் அரை மணி பின்னே. இடையில் இருந்த சென்னை நேரத்தையே ரயில்வே பொதுநேரமாகக் கொண்டது. 1906 ஜனவரி 1இல் ஐந்தரை மணிக் கணக்கு வந்தது.

இன்றைய வெளிநாட்டுத் தொடர்பில் பழைய சாய்கோடு மூன்றாவது பொருளோடு திரும்பியிருக்கிறது. சென்னை ஏற்றுமதியாளர் ஒருவர் நியூயார்க் வாடிக்கையாளருக்கு ‘5/11/2024 இரவு 7.30’ என்று எழுதுகிறார். அமெரிக்கர் அதை மே 11 என்று படிப்பார். மணி யாருடையது என்றும் தெரியாது. 1988இல் வெளியான ஐஎஸ்ஓ 8601 தரம் ஆண்டை முன்னால் வைத்து, 24 மணிக் கணக்கில், கிரீனிச் வேறுபாட்டோடு எழுதச் சொல்கிறது:

```
2024-11-05T19:30+05:30
```

கணினிக்கு இது மாசற்ற வடிவம். ஆனால் இதில் கிழமை இல்லை. மாதமும் நாளும் தட்டச்சில் இடம் மாறினால் எதுவும் காட்டிக்கொடுக்காது. மின்னஞ்சலின் தலைப்பு வரி பழைய வழக்கத்தை இன்னும் காக்கிறது:

```
Date: Tue, 5 Nov 2024 19:30:00 +0530
```

கிழமை எழுதினால் அது தேதியோடு பொருந்தியே ஆக வேண்டும் என்கிறது அதன் விதி. மே 11, 2024 சனிக்கிழமை; ‘செவ்வாய்’ என்ற ஒரு சொல் இருந்தால் வாடிக்கையாளர் உடனே நிமிர்ந்து உட்காருவார். மனிதருக்கு எழுதும்போது இந்த வடிவமே மேல் என்பேன். அதோடு 10/21 எழுதியவர்கள் செய்ததுபோல எதிராளியின் நேரத்தையும் சேர்க்க வேண்டும்: ‘செவ்வாய், 5 நவம்பர் 2024, சென்னை 19.30, நியூயார்க் காலை 9.00’.

அந்த ஒன்பது மணியையும் அந்தத் தேதிக்கே கணக்கிட வேண்டும். அமெரிக்கா நவம்பர் 3 அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியிருந்தது. முந்தைய வாரம் அதே சென்னை நேரத்துக்கு நியூயார்க்கில் பத்து மணி. வாராவாரம் கூடும் கூட்டத்துக்கு எழுதுகிறவர் எந்த ஊரின் நேரம் நிலையானது, எது நகரும் என்பதையும் முதல் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.