நீச்சற்குள மண்டபம்: ஈரநீக்கமும் காற்றோட்டமும்

கூரையிட்ட நீச்சற்குளத்தின் நீர்ப்பரப்பிலிருந்து இடையறாது எழும் ஆவியை அகற்றி, அது கண்ணாடியிலும் சுவரிலும் எஃகிலும் நீராகப் படியாதவாறும், அதனோடு கலந்துவரும் குளோரின் சேர்மங்கள் கட்டிடத்தை அரிக்காதவாறும் காக்கும் முறை.

இத்துறையின் சரித்திரத்தில் முதலிடம் பெறுவது ஸ்விட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் நேர்ந்த விபத்தே. 1972-இல் திறக்கப்பட்ட அவ்வூர்க் குளத்தின்மேல், துருப்பிடிக்கா எஃகுக் கம்பிகளால் தொங்கவிடப்பட்டிருந்த கான்கிரீட் உட்கூரை 1985 மே 9 அன்று இடிந்து விழ, 12 பேர் உயிரிழந்தனர். துருப்பிடிக்காது என்று பெயர்பெற்ற அந்த எஃகு, பளுவைத் தாங்கி இழுபட்டு நின்ற நிலையில் குளோரைடு படிவுகளால் உள்ளுக்குள் பிளந்துபோயிருந்தது. இவ்வகைப் பிளவில் உலோகம் கரைந்து மெலிவதில்லையாதலால், வெளியே ஒரு பழுப்புக் கறைக்கு மேல் அடையாளம் தெரியாமற்போவதும் உண்டு. நீச்சலடிப்போரின் காலடியில் நாள்தோறும் கழுவப்படும் ஏணிக் கம்பிக்கு அதே எஃகு போதும். எவரும் துடைக்காத உட்கூரை இடுக்கிலோ, ஆவியோடு வரும் குளோரைடு ஆண்டுக்கணக்கில் படிந்து செறிவடைகிறது.

அகற்றவேண்டிய ஈரத்தின் அளவை, வில்லிஸ் கேரியர் 1918-இல் வகுத்த ஆவியாதல் விதியின் வழிவந்த சூத்திரங்களால் கணிப்பர். 25 மீட்டர் நீளமும் 12.5 மீட்டர் அகலமும் கொண்ட பொதுக் குளத்தில் நீர் 28 பாகையாகவும், காற்று 30 பாகையும் 60 சதவீத ஈரப்பதமும் உடையதாகவும் இருப்பின், ஆட்கள் நீந்தும்போது மணிக்குச் சுமார் 55 கிலோ நீரும், ஆளற்ற இரவில் அதிற் பாதியும் ஆவியாகும். காற்றை நீரைவிட ஓரிரு பாகை வெப்பமாக வைப்பதும் இந்த ஆவியாதலைக் குறைக்கவே. காற்று குளிர்ந்தால் ஆவி பெருகும்.

ஆயினும் மொத்த அளவைச் சரியாகக் கணித்துவிட்டால் கட்டிடம் தப்பிவிடும் என்பது தவறு. மேற்சொன்ன காற்றின் பனிநிலை சுமார் 21 பாகை. வெளியே உறைபனிக் குளிராயின் ஒற்றைக் கண்ணாடியின் உட்புறம் 10 பாகையை ஒட்டியும், சாதாரண இரட்டைக் கண்ணாடியினது 20 பாகைக்குச் சற்றுக் கீழும் இறங்கிவிடுமாதலால், இரண்டும் வியர்க்கும். ஆகவே உலர்ந்த வெப்பக் காற்றை ஜன்னலடியில் நீண்ட தரைப்பிளவுகள் வழியாகக் கண்ணாடியைத் தழுவி மேலெழச் செய்யவேண்டும். நீர்ப்பரப்பின்மேல் வீசவிட்டால் ஆவியாதல்தான் மிகும். மண்டபத்தின் காற்றழுத்தத்தை வெளியினும் சிறிது குறைவாக வைத்தால், ஈரக்காற்று சுவரிடுக்குகளுக்குள்ளும் அடுத்த அறைகளுக்குள்ளும் தள்ளப்படாது. சுவரின் வெப்பமான உட்பக்கத்தில் ஆவித்தடுப்புப் படலம் முறிவின்றி அமைவதும் அவசியம். ஆணி துளைத்த ஓரிடத்தின் வழியே புகும் ஆவி, சுவரின் குளிர்ந்த நடுப்பகுதியில் யாருமறியாமல் நீராகிவிடும்.

தற்காலத்தில் ஈரநீக்கத்துக்கு வெப்ப ஏற்றிகளும் வெப்பமீட்புக் கருவிகளும் வழங்குகின்றன. வெளிக்காற்று உலர்ந்திருக்கும் குளிர்காலத்தில் அக்காற்றை உட்செலுத்துவதே எளிய வழி.