சாடிச் சோதனை

சாடிச் சோதனை அல்லது ஜார் சோதனை என்பது கலங்கிய நீரைத் தெளிய வைப்பதற்கு எவ்வளவு திரளாக்கி சேர்க்க வேண்டும் என்பதை நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் சிறு அளவில் செய்து பார்த்து முடிவு செய்யும் முறையாகும். திரளாக்கியாகப் பெரும்பாலும் படிகாரம் (அலுமினியம் சல்பேட்டு) பயன்படுகிறது. ஒரே நீரை ஆறு முகவைகளில் எடுத்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு படிகாரம் சேர்த்து, ஒரே மாதிரி கலக்கி, எது நன்றாகத் தெளிகிறது என்று ஒப்பிடுவதே இதன் அடிப்படை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்பிரட் லாங்கலியர், நீரைப் படிகாரத்துடன் நீண்ட நேரம் மெதுவாகக் கலக்குவது பற்றி 1921 இல் வெளியிட்ட ஆய்வு, இம்முறை பரவக் காரணமானவற்றுள் ஒன்று.

## சோதனையின் தேவை

ஆற்று நீரைக் கலங்கச் செய்யும் களிமண் துகள்கள் மிகச் சிறியவை. அவற்றின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்குகின்றன. ஆகவே அவை தாமாக ஒன்றுசேர்ந்து படிவதில்லை. படிகாரம் நீரில் கரையும்போது உண்டாகும் நேர்மின்னூட்டமுள்ள அலுமினியச் சேர்மங்கள் இந்த விலக்கத்தைத் தணிக்கின்றன. அத்துடன் உருவாகும் அலுமினியம் ஐதராக்சைடு, பஞ்சு போன்ற திரள்களாகித் துகள்களைச் சிறைப்பிடித்துக்கொண்டு கீழே இறங்குகிறது.

தேவைப்படும் அளவு நீரின் கலங்கலை மட்டும் பொறுத்ததன்று. துகளின் தன்மை, நீரின் பி.எச். மதிப்பு, காரத்தன்மை, வெப்பநிலை, நீரிலுள்ள கரிமப் பொருட்கள் ஆகிய அனைத்தும் அதை மாற்றுகின்றன. எனவே இதனைக் கணக்கிட்டுப் பெறுவது கடினம். செய்து பார்த்தே அறிய வேண்டியுள்ளது. மழைக்குப் பின் ஆற்று நீர் மாறும்போது சோதனையும் மீண்டும் செய்யப்படுகிறது.

## செய்முறை

ஒரே தண்டால் ஒரே வேகத்தில் சுழலும் ஆறு துடுப்புகள் கொண்ட கலக்கி இச்சோதனைக்குப் பயன்படுகிறது. முதலில் 10 கிராம் படிகாரத்தை நீரில் கரைத்து 1 லிட்டராக்கி 1 விழுக்காட்டுக் கரைசல் செய்யப்படுகிறது. இக்கரைசலில் 1 மில்லிலிட்டரை 1 லிட்டர் நீரில் சேர்த்தால், அது லிட்டருக்கு 10 மில்லிகிராம் படிகாரம் ஆகும்.

# புதிதாக எடுத்த கலங்கல் நீரை நன்கு கலக்கி, ஆறு முகவைகளிலும் 1 லிட்டர் வீதம் ஊற்ற வேண்டும். நீரின் கலங்கல், பி.எச்., காரத்தன்மை ஆகியவற்றை முன்னரே அளந்து குறித்துக்கொள்ள வேண்டும்.
# ஆறு அளவுக் கரைசல்களையும் முன்கூட்டியே தனித்தனியாக எடுத்து வைத்து, ஒரே நேரத்தில் சேர்க்க வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தால் முகவைகளுக்குக் கிடைக்கும் கலக்கல் நேரம் வேறுபடும்.
# நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 சுற்று வேகத்தில் 1 நிமிடம் கலக்க வேண்டும். படிகாரம் நீர் முழுவதும் விரைவில் பரவ இது தேவை.
# பின்னர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 30 சுற்றாகக் குறைத்து 20 நிமிடம் கலக்க வேண்டும். இந்த மெதுவான அசைவில் சிறு திரள்கள் மோதி ஒட்டிப் பெரிதாகின்றன. வேகம் கூடினால் உருவான திரள்கள் உடைந்துவிடும்.
# கலக்கியை நிறுத்தி 30 நிமிடம் படியவிட்டு, அடி வண்டலைக் கலக்காமல் மேல்நீரை எடுத்துக் கலங்கலையும் பி.எச். மதிப்பையும் அளக்க வேண்டும்.

இந்த நேரங்களும் வேகங்களும் பொதுவான தொடக்கம் மட்டுமே. நிலையத்தின் கலக்கும் தொட்டிகளில் நீர் தங்கும் நேரத்துக்கு ஏற்ப இவை மாற்றப்படுகின்றன.

## எடுத்துக்காட்டு

கீழ்க்காணும் எண்கள் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. மழைக்குப் பின் வந்த ஆற்று நீரின் கலங்கல் 80 என்.டி.யு., பி.எச். 7.2, காரத்தன்மை (கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டு) லிட்டருக்கு 25 மில்லிகிராம் எனக் கொள்வோம்.

| படிகாரம் (மி.கி./லி.) | இறுதி பி.எச். | மேல்நீரின் கலங்கல் (என்.டி.யு.) |
|---|---|---|
| 10 | 6.7 | 32 |
| 20 | 6.4 | 12 |
| 30 | 6.1 | 5 |
| 40 | 5.7 | 9 |
| 50 | 4.8 | 35 |
| 60 | 4.5 | 48 |

முதல் மூன்று முகவைகளில் கலங்கல் குறைகிறது. பிறகு படிகாரம் கூடக் கூட நீர் மீண்டும் கலங்குகிறது. கலங்கலை மட்டும் பார்ப்பவர் 30 மில்லிகிராமே சிறந்தது என்று முடித்துக்கொள்வார். பி.எச். நிரலோ வேறொன்றைக் காட்டுகிறது. ஒவ்வொரு மில்லிகிராம் படிகாரமும் ஏறத்தாழ அரை மில்லிகிராம் காரத்தன்மையைச் செலவழிக்கிறது. 50 மில்லிகிராம் சேர்க்கும்போது இருந்த 25 மில்லிகிராமும் தீர்ந்து பி.எச். சரிகிறது. அவ்வளவு அமிலத்தன்மையில் அலுமினியம் ஐதராக்சைடு உருவாவதில்லை; அலுமினியம் நீரிலேயே கரைந்து நிற்கிறது. 30 மில்லிகிராம் முகவையிலும் பி.எச். 6.1 ஆக இறங்கிவிட்டதால், அங்கும் திரள்கள் முழுமையாக உருவாகவில்லை.

எனவே ஒவ்வொரு முகவையிலும் லிட்டருக்கு 10 மில்லிகிராம் நீற்றுச் சுண்ணாம்பு சேர்த்துச் சோதனை மீண்டும் செய்யப்படுகிறது. இது காரத்தன்மையை ஏறத்தாழ 13 மில்லிகிராம் கூட்டுகிறது. இம்முறை 30 மில்லிகிராம் படிகாரத்தில் பி.எச். 7.0 ஆகவும் கலங்கல் 2.5 ஆகவும், 40 மில்லிகிராமில் பி.எச். 6.6 ஆகவும் கலங்கல் 2.3 ஆகவும் கிடைக்கின்றன. கூடுதல் 10 மில்லிகிராமால் கிடைத்த பயன் மிகச் சிறிது. ஆகவே 30 மில்லிகிராம் படிகாரமும் 10 மில்லிகிராம் சுண்ணாம்பும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

நாளொன்றுக்கு 1 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் நிலையத்துக்கு இது 300 கிலோகிராம் படிகாரம், அதாவது மணிக்கு 12.5 கிலோகிராம். லிட்டருக்கு 100 கிராம் கொண்ட கரைசலாகச் செலுத்தினால், மணிக்கு 125 லிட்டர் விட வேண்டும்.

## முடிவுகளைப் புரிந்துகொள்ளல்

படிகாரம் குறைவாக இருந்தால் திரள்கள் குண்டூசி முனை அளவிலேயே நின்று, நீர் பனிமூட்டம் போலத் தோன்றும். கூடுதலாக இருக்கும்போது நீர் மீண்டும் கலங்குவதற்கு இரு காரணங்கள் உண்டு. ஒன்று, மேலே கண்ட காரத்தன்மைக் குறைவு. மற்றொன்று, துகள்கள் அளவுக்கு மீறிய நேர்மின்னூட்டம் பெற்று மீண்டும் ஒன்றையொன்று விலக்குவது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். இறுதி பி.எச். மிகவும் இறங்கியிருந்தால் முதலாவதே காரணம். அதற்குச் சுண்ணாம்பு தேவை. பி.எச். போதிய அளவில் இருந்தும் கலங்கினால், படிகாரத்தைக் குறைக்க வேண்டும்.

இதனை வேறுபடுத்தி அறிவது குடிநீரின் தரத்தையும் சார்ந்தது. இந்தியக் குடிநீர்த் தரநிலை ஐ.எஸ். 10500 (2012) கலங்கலுக்கு 1 என்.டி.யு., அலுமினியத்துக்கு லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் என ஏற்கத்தக்க அளவுகளை வகுத்துள்ளது. வேறு நீராதாரம் இல்லாவிடத்து முறையே 5, 0.2 வரை அனுமதிக்கிறது. கரைந்த நிலையிலுள்ள அலுமினியம் மணல் வடிகட்டியில் நிற்காமல் குடிநீரில் கலந்துவிடும்.

## வரையறைகள்

முகவையில் நீர் அசையாமல் நிற்கிறது. நிலையத்தின் படிவுத் தொட்டியிலோ ஓடிக்கொண்டே இருக்கிறது. எனவே 30 நிமிடப் படிவு தொட்டியின் செயலை அப்படியே காட்டாது. இதற்காகச் சிலர் மேற்பரப்பிலிருந்து 10 செ.மீ. ஆழத்தில் குழாய் வைத்த சதுரச் சாடியைப் பயன்படுத்துகின்றனர். கலக்கியை நிறுத்திய 5 ஆவது நிமிடத்தில் அக்குழாயில் எடுக்கும் நீர், நிமிடத்திற்கு 2 செ.மீ. வேகத்துக்கும் மெதுவாகப் படியும் திரள்களின் அளவைக் காட்டும். இந்த வேகத்தைத் தொட்டியின் மேற்பரப்புச் சுமையுடன் நேரடியாக ஒப்பிடலாம்.

நீரின் வெப்பநிலையும் கவனிக்கப்பட வேண்டும். குளிர்ந்த நீரை ஆய்வகத்தில் வைத்திருந்து வெதுவெதுப்பான பின் சோதித்தால், திரள்கள் நிலையத்தில் உள்ளதைவிட விரைவாக உருவாகிப் படியும். இக்காரணங்களால் சோதனையில் கிடைத்த அளவு நிலையத்தில் தொடக்க அளவாகவே கொள்ளப்படுகிறது. படிவுத் தொட்டியிலிருந்து வெளிவரும் நீரின் கலங்கலைப் பார்த்து அது பின்னர் திருத்தப்படுகிறது.

## பிற பயன்கள்

பெரிக் குளோரைடு, பாலி அலுமினியம் குளோரைடு போன்ற பிற திரளாக்கிகளைப் படிகாரத்துடன் ஒப்பிடவும் இச்சோதனை உதவுகிறது. கலங்கல் நீரைத் தெளியவைக்கப் பழங்காலம் முதல் பயன்பட்டுவரும் தேற்றாங்கொட்டை, முருங்கை விதை போன்றவற்றின் திறனும் இதே முறையில் ஆராயப்படுகிறது.