ஒரு புத்தகத்துக்கு எத்தனை மாடு?



ஒன்பதாம் வகுப்பில் ஐரோப்பிய மடாலயங்களைப் பற்றி நடத்தும்போது, "துறவிகள் பழைய நூல்களைப் படியெடுத்துக் காப்பாற்றினார்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். ஒரு வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், அதுக்கெல்லாம் செலவு யாரு பண்ணாங்க?" என்று கேட்டான். "உட்காருடா, பரீட்சைக்கு அது வராது" என்றேன். அவன் கேட்டதுதான் சரியான கேள்வி. இத்தனை காலம் கழித்து இன்றைக்குப் பதில் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் வடகிழக்கில் வேர்மவுத், ஜாரோ என்று இரண்டு ஊர்கள். பெனடிக்ட் பிஸ்காப் என்ற பிரபு துறவியாகி, 674இல் வேர்மவுத்தில் மடாலயம் கட்டினார். சில வருடங்கள் கழித்து ஜாரோவிலும் ஒன்று எழுந்தது. இரண்டும் சேர்ந்து ஒரே மடம் மாதிரிதான். வேர்மவுத்துக்கு 70 குடும்ப நிலமும் ஜாரோவுக்கு 40 குடும்ப நிலமும் மன்னர் எக்ஃப்ரித் கொடுத்தார். அங்கே நிலத்தை ஏக்கரில் சொல்லவில்லை. ஒரு குடும்பம் பிழைக்க எவ்வளவு வேண்டுமோ அதுதான் ஒரு அளவு. நிலத்தோடு அதில் உழுதவர்களும் மடத்துக்குக் கீழே வந்தார்கள். அவர்கள் விளைச்சலிலும் கால்நடையிலும் ஒரு பங்கை மடத்துக்குச் செலுத்தவேண்டும்.

துறவிகள் சும்மா உட்கார்ந்திருக்கவும் இல்லை. ஈஸ்டர்வைன் என்ற மடத்தலைவர் பிரபு வீட்டுப் பிள்ளை. அவரே கதிரடித்தார், பதர் தூற்றினார், பால் கறந்தார், அடுப்படியில் வேலை செய்தார் என்று அந்த மடத்தில் வளர்ந்த பீட் எழுதி வைத்திருக்கிறார். பீட் ஏழு வயதில் மடத்துக்கு வந்தவர். பின்னாளில் ஆங்கிலேயர்களின் திருச்சபை வரலாற்றை எழுதியவரும் அவரே.

இனி புத்தகக் கணக்குக்கு வருவோம். பிஸ்காப் பலமுறை ரோமுக்குப் போய் நூல்கள் வாங்கி வந்தார். அவற்றில் ஒன்று உலக அமைப்பைப் பற்றியது. அடுத்து வந்த மன்னர் ஆல்ட்ஃப்ரித் நன்றாகப் படித்தவர், அந்த நூல் அவருக்கு வேண்டியிருந்தது. பிஸ்காப்புக்குப் பின் மடத்தலைவரான சியோல்ஃப்ரித் அதைக் கொடுத்து, எட்டுக் குடும்ப நிலம் பெற்றுக்கொண்டார். ஒரு புத்தகம், எட்டுக் குடும்பம் பிழைக்கும் நிலம்! பிற்பாடு அந்த நிலத்தோடு கொஞ்சம் பணமும் சேர்த்துக் கொடுத்து, மடத்துக்குப் பக்கத்திலேயே 20 குடும்ப நிலமாக மாற்றிக்கொண்டார். பக்தியோடு கணக்கும் தெரிந்த மனிதர்.

அவ்வளவு நிலம் எதற்கு? சியோல்ஃப்ரித் முழு பைபிளையும் ஒவ்வொன்றும் ஒரே தொகுதியாக மூன்று பிரதிகள் எழுதவைத்தார். அவற்றில் ஒன்று இன்றும் முழுசாக இத்தாலியின் ஃப்ளாரன்ஸில் இருக்கிறது. அதில் 1030 ஏடுகள். எடை முப்பது கிலோவுக்கு மேல். காகிதம் அங்கே இன்னும் வராத காலம். தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரை வழித்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, வளைந்த கத்தியால் சுரண்டிக் காயவைக்கவேண்டும். சுரண்டும்போது கை தவறினால் கிழியும். உயிரோடிருந்தபோது பூச்சி கடித்த இடம் இழுக்கும்போது ஓட்டையாகும். அந்தப் பைபிளின் அளவுக்கு ஒரு தோலில் இரண்டு ஏடுதான் தேறும். அப்படியானால் ஒரு பிரதிக்கு 515 தோல், மூன்றுக்கு ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல். ஒரே நாளில் அத்தனையையும் அறுத்திருக்க மாட்டார்கள். வருடா வருடம் சாப்பாட்டுக்கு அறுத்ததிலும் நல்ல தோலைப் பொறுக்கிச் சேர்த்திருக்கவேண்டும். ஆனால் அதற்கு மந்தை வேண்டும். மந்தைக்கு மேய்ச்சல் நிலம் வேண்டும். மேய்க்க ஆள் வேண்டும். பையன் கேட்ட செலவைச் செய்தவர்கள் இவர்கள்தான். ஏட்டில் அவர்கள் பெயர் கிடையாது.

நிலம் மட்டும் போதாது என்பதற்கும் அதே மடத்தில் சாட்சி உண்டு. 680களில் ஜாரோவில் கொள்ளைநோய் வந்தது. வழிபாட்டுப் பாடல்களை முறையாகப் பாடத் தெரிந்தவர்களில் மிஞ்சியது சியோல்ஃப்ரித்தும் ஒரு சிறுவனும்தான். சில பகுதிகளை விட்டுவிட்டு ஒரு வாரம் பாடிப் பார்த்தார்கள். தலைவருக்கு மனசு கேட்கவில்லை. மறுபடியும் முழுசாகவே பாடத் தொடங்கினார்கள், புதிதாக ஆட்கள் தேறும்வரை. அந்தச் சிறுவன் பீட் என்றே பலரும் கருதுகிறார்கள். நிலம் அப்படியேதான் இருந்தது, தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

716இல், எழுபது வயதைத் தாண்டிய சியோல்ஃப்ரித் ஒரு பிரதியைப் போப்பாண்டவருக்குக் கொடுக்கப் புறப்பட்டு, வழியில் பிரான்ஸின் லாங்க்ரே நகரில் காலமானார். அவர் விட்டுப்போன மடத்தில் அறுநூறு பேர், 150 குடும்ப நிலம். ஃப்ளாரன்ஸில் இருப்பது அவர் கொண்டுபோன அந்தப் பிரதிதான். பின்னால் யாரோ அவர் பெயரைச் சுரண்டிவிட்டு வேறு பெயரை எழுதிவிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் உண்மை தெரிந்தது.

மற்ற இரண்டு பிரதிகளும் சிதைந்துபோயின. மிஞ்சிய சில ஏடுகள் எப்படிக் கிடைத்தன தெரியுமா? இங்கிலாந்தில் ஒரு ஜமீன் குடும்பத்தின் நிலப் பத்திரங்களுக்கு அட்டையாகப் போட்டிருந்தார்கள். நிலத்திலிருந்து வந்த புத்தகம், கடைசியில் நிலக் கணக்குக்கே உறையாகிவிட்டது.

கேள்வி கேட்ட அந்தப் பையன் இந்தப் பக்கத்தில் இருந்தால், கீழே ஒரு வார்த்தை எழுதப்பா. அன்றைக்கு உட்காரச் சொன்னது என் தப்பு.