எவ்வளவு ஆழம்? சிறுநீரில் இரத்தமும் சிறுநீர்ப்பைப் புற்றும்

1. வலியில்லாத சிவப்பு

மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 61. லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். நாற்பது வருடமாகச் சிகரெட் பழக்கம். ஒருநாள் காலையில் சிறுநீர் ரோஸ்மில்க் நிறத்தில் போகிறது. வலியில்லை, எரிச்சலில்லை. “உடம்புச் சூடு” என்று இரண்டு நாள் இளநீர் குடிக்கிறார். மூன்றாம் நாள் சிறுநீர் தெளிந்துவிடுகிறது. நான்கு மாதம் கழித்து மறுபடியும் சிவக்கிறது. இம்முறை சின்னச் சின்ன இரத்தக் கட்டிகளும் சேர்ந்து வருகின்றன.

இடைப்பட்ட அந்த நான்கு மாதத்தைத்தான் இந்த நோயில் பலர் தொலைக்கிறார்கள். சிறுநீர்ப்பைக் கட்டியின் இரத்தக்குழாய்கள் நொய்யவை. அவை கசியும், தாமாகவே அடைந்துகொள்ளும். ஆகவே இரத்தம் நின்றுவிட்டதை வைத்து நோய் இல்லையென்று சொல்ல முடியாது. வலி இல்லாததும் ஆறுதலுக்குரிய செய்தியல்ல. கல்லென்றால் பெரும்பாலும் விலாவில் வலிக்கும், தொற்றென்றால் எரியும். நடுவயதைத் தாண்டியவருக்கு இரண்டும் இல்லாமல் சிவந்தால் பையின் உள்ளே பார்த்தே ஆக வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் “மாத்திரையால்தான்” என்றும், பெண்களிடம் கல்ச்சர் கூடப் பார்க்காமல் “இன்ஃபெக்ஷன்” என்றும் சொல்லி அனுப்புவது நடக்கிறது. இரண்டுமே தவறு. ஒரு விதிவிலக்கு உண்டு: பீட்ரூட்டும் காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும் சிறுநீரின் நிறத்தை மாற்றும். நுண்ணோக்கியில் சிவப்பணு இருக்கிறதா என்று பார்த்தால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

சிகரெட்டுக்கும் சிறுநீர்ப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று நோயாளிகள் வியந்து கேட்பார்கள். புகையிலுள்ள அரோமாட்டிக் அமீன்கள் நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்டு, பையில் மணிக்கணக்கில் தேங்கி நிற்கின்றன. 1895-இல் ஃபிராங்க்ஃபர்ட் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் இதே புற்றைக் கண்டு எழுதினார். அங்கும் காரணம் இந்த வகை வேதிப்பொருள்கள்தான்.

2. ஸ்கோப் காட்டுவதும் காட்டாததும்

நம்மவருக்கு அல்ட்ராசவுண்டில் பையின் வலப்பக்கச் சுவரில் 3 செ.மீ. கட்டி தெரிகிறது. ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் இருந்திருந்தாலும் சிஸ்டோஸ்கோப்பி தேவைதான். சிறிய கட்டியும் தட்டையான கட்டியும் ஸ்கேனுக்குத் தப்பிவிடும்.

சிறுநீர்த்தாரைக்குள் லிக்னோகெய்ன் ஜெல்லி செலுத்திச் சில நிமிடம் காத்திருந்து, வளையும் மெல்லிய குழாயை உள்ளே விடுகிறார்கள். சலைன் நிரம்பப் பை விரிகிறது. சிறுநீரகக் குழாய்கள் வந்து திறக்கும் இரு வாய்களையும், பின்சுவர், கூரை, பக்கங்களையும் வரிசையாகப் பார்க்கிறார் மருத்துவர். பிறகு நுனியைப் பின்னோக்கி மடக்கிப் பையின் கழுத்தையும் பார்க்கிறார். குளத்துப் பாசிபோல் மெல்லிய விரல்களாக நீரில் அசையும் கட்டி பெரும்பாலும் மேலோட்டமானது. அகன்ற அடியோடு கெட்டியாக உட்கார்ந்திருக்கும் கட்டி கவலை தருவது. மூன்றாவது ஒரு வகை வெல்வெட் துணிபோலச் சிவந்த திட்டாக இருக்கும். சில நேரம் கண்ணுக்கே தெரியாது. சிறுநீரில் உதிரும் செல்களைச் சோதிக்கும்போதுதான் அது பிடிபடும்.

ஆனால் கண் காண்பது மேற்பரப்பை மட்டும்தான். கட்டியின் வேர் எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று ஸ்கோப் சொல்லாது. சி.டி. ஸ்கேனாலும் மேலடுக்குகளைப் பிரித்துக் காட்ட முடியாது.

3. சுவரின் அடுக்குகள்

பைச்சுவரை உள்ளிருந்து வெளியே எண்ணினால், முதலில் சிறுநீர் படும் புறணி, அதன் கீழே இரத்தக்குழாயும் நிணநீர்க்குழாயும் ஓடும் தளர்வான இணைப்புத்திசு, பிறகு பையைச் சுருக்கும் டெட்ரூசர் தசை, கடைசியாகக் கொழுப்பு. கட்டி புறணியோடு நின்றால் டி.ஏ.; இணைப்புத்திசுவுக்குள் இறங்கினால் டி1; தசையைத் தொட்டால் டி2; கொழுப்பை எட்டினால் டி3; புராஸ்டேட், கருப்பை போன்ற பக்கத்து உறுப்புக்குப் போனால் டி4. முதன்முதலில் கண்டறியப்படுகிறவர்களில் நால்வரில் மூவருக்கு நோய் தசையைத் தொட்டிருக்காது.

இத்தனை மெல்லிய சுவரில் இந்த எல்லை ஏன் இவ்வளவு பெரிதாகிறது? ஒவ்வொரு சிகிச்சைக்கும் எட்டும் ஆழம் ஒன்று உண்டு. பைக்குள் ஊற்றும் மருந்து மேற்பரப்பில்தான் வேலை செய்யும். தசைக்குள் புகுந்த செல்லை அது தீர்க்காது. தசைவரை போன கட்டி நிணநீர் வழியே வெளியேறியிருக்கும் வாய்ப்பும் அதிகம்.

4. அறிக்கையில் ஒரு வரி

ஆழத்தை அறிய, மயக்கமருந்து கொடுத்துத் தாரை வழியாகவே கருவியை விட்டு, மின்கம்பி வளையத்தால் கட்டியைச் சீவி எடுக்கிறார்கள். டி.யு.ஆர்.பி.டி. என்பது இதுதான். சிகிச்சையும் பயாப்ஸியும் ஒன்றாகவே நடக்கின்றன. பக்கச்சுவரில் சீவும்போது மின்சாரம் ஆப்டுரேட்டர் நரம்பைத் தூண்டித் தொடை உதறினால் பை துளையாகலாம். அந்தப் பயத்தில் ஆழமாகச் சீவாமல் விட்டுவிடுவதும் உண்டு.

நம்மவரின் அறிக்கை இப்படி வருகிறது: ‘ஹை கிரேட், இணைப்புத்திசுவுக்குள் ஊடுருவல் உண்டு. மாதிரியில் டெட்ரூசர் தசை இல்லை.’

கட்டியைப் பற்றிய முதல் வரியைக் குடும்பம் படிக்கிறது. என் கண்ணுக்கு இரண்டாவது வரிதான் பெரிது. தசையில் புற்று இல்லை என்று அது சொல்லவில்லை; பார்க்கத் தசையே கிடைக்கவில்லை என்கிறது. குழியின் அடிமண்ணைத் தொடாமல் தண்ணீர் இல்லை என்று சொல்ல முடியாது. இணைப்புத்திசுவிலும் மெல்லிய தசைநார்கள் இருப்பதால் அவற்றை டெட்ரூசர் என்று தவறாக எடுத்துக்கொள்ளவும் இடமுண்டு. மின்சூட்டில் கருகிய துண்டையோ படிக்கவே முடியாது. அதனால் அடிப்பகுதியைத் தனியாகச் சீவித் தனிப் புட்டியில் அனுப்புவது நல்ல பழக்கம்.

தசை கிடைக்காத ஹை கிரேட் கட்டிக்கும், தசை கிடைத்திருந்தாலும் டி1-க்கும், இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் அதே இடத்தை மறுபடி சீவ வேண்டும். “எடுத்துட்டீங்களே டாக்டர், இன்னொரு தடவை எதுக்கு?” என்று நோயாளி கேட்பார். எடுத்தது முழுக்க வந்ததா, எதுவரை இறங்கியிருந்தது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் அந்த இரண்டாம் சீவலில்தான் கிடைக்கும்.

5. ஆழத்துக்கேற்ற வழி

புறணியோடு நிற்கும் லோ கிரேட் கட்டி திரும்பத் திரும்ப முளைக்கும், ஆனால் உயிரை வாங்குவது அபூர்வம். சீவிய 24 மணி நேரத்துக்குள் மைட்டோமைசின் ஒருமுறை பைக்குள் செலுத்தி, பிறகு ஸ்கோப் வழியே கண்காணித்தால் பெரும்பாலும் போதும்.

டி1 ஹை கிரேடுக்கும் அந்தச் சிவந்த தட்டைத் திட்டுக்கும் பி.சி.ஜி. குழந்தைகளுக்குப் போடும் அதே தடுப்பூசிக் கிருமிதான். 1976-இல் கனடாவின் அல்வாரோ மொராலஸ் இதன் பலனை எழுதினார். வாரம் ஒன்றாக ஆறு வாரம் கத்தீட்டர் வழியே ஊற்றி, சுமார் இரண்டு மணி நேரம் உள்ளே நிறுத்த வேண்டும். பிறகு மாதங்கள் இடைவெளிவிட்டு ஒன்றிலிருந்து மூன்று வருடம்வரை தொடர வேண்டும். சிறுநீரில் இரத்தம் தெரியும்போது கொடுத்தால் உயிருள்ள கிருமி இரத்தத்தில் ஏறிவிடலாம். தட்டைத் திட்டு விஷயத்தில் ஆழக் கணக்கு மட்டும் போதாது: அது மேலோட்டமாகவே இருந்தாலும் மூர்க்கமானது.

நம்மவருக்கு நான்காம் வாரத்தில் மறுசீவல். இம்முறை தசை கிடைத்தது. அதற்குள் புற்றும் இருந்தது. டி1 என்று நினைத்தது டி2 ஆயிற்று. முதல் அறிக்கையை நம்பி பி.சி.ஜி. தொடங்கியிருந்தால் பல மாதம் மேற்பரப்பிலேயே வீணாகியிருக்கும்.

இனி வழி வேறு. மார்பும் வயிறும் ஸ்கேன் செய்து பரவல் இல்லையென்று பார்த்தபின், சிறுநீரகம் தாங்குமானால் சிஸ்பிளாட்டின் அடங்கிய கீமோதெரபி மூன்று, நான்கு சுற்று. அடுத்து பையையும் புராஸ்டேட்டையும் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து அகற்றுவது. முன்னதாகக் கீமோ தருவதால் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 45-லிருந்து 50 சதவீதமாகிறது. கேட்கச் சிறிதாகத் தோன்றினாலும், நூறு பேரில் ஐந்து பேர் கூடுதலாகப் பிழைக்கிறார்கள். கட்டி ஒன்றே, சீவி முழுதும் எடுக்க முடிகிறது, சிறுநீரகக் குழாய் அடைபடவில்லை என்றால், பையை வைத்துக்கொண்டே கதிரும் கீமோவும் சேர்த்துத் தரும் வழியும் உண்டு. ஆனால் ஆயுளுக்கும் ஸ்கோப் பார்க்க வேண்டும். திரும்பி வந்தால் பை போய்விடும்.

இவருக்கு வலது சிறுநீரகக் குழாயின் வாயைக் கட்டி அழுத்தியிருந்ததால் அந்த வழி உகந்ததாக இல்லை. கீமோ முடிந்து, பையை அகற்றி, சிறுகுடலின் ஒரு துண்டைச் சிறுநீருக்கு வெளிவாயாக்கும் அறுவைக்கு நாள் குறித்தார்கள். முந்தின நாள் மாலை நர்ஸ் மார்க்கர் பேனாவோடு வந்தார். “ஐயா, வேட்டியை எப்பவும் கட்டுற மாதிரி கட்டுங்க. நில்லுங்க, இப்ப உட்காருங்க.” மடிப்பும் முடிச்சும் படாத, அவரே குனிந்து பார்க்கக்கூடிய இடத்தில், தொப்புளுக்கு வலப்பக்கம் சற்றுக் கீழே வட்டம் போட்டார்.