நுழையச் சம்மதம் தேவையா, முடியச் சம்மதம் தேவையா?

வழக்குத் தீர்வு முறைகளை ஒப்பிடச் சொல்லும் வினாவுக்குப் பெரும்பாலான விடைத்தாள்கள் ஒரே மாதிரி இருக்கின்றன. நான்கு கட்டங்கள் வரைந்து, செலவு, காலம், ரகசியம் என்று நிரப்பிவிடுவார்கள். அதில் பிழை இல்லை. ஆனால் நடுவர் முறை, சமரசம், இணக்குவிப்பு, நீதிமன்ற வழக்கு ஆகிய நான்கும் எங்கே பிரிகின்றன என்பது அந்த அட்டவணையில் தெரியாது. அது தெரிய இரண்டு கேள்விகள் போதும். உள்ளே நுழைய இருவர் சம்மதமும் வேண்டுமா? முடிவு கட்டுப்படுத்த இருவர் சம்மதமும் வேண்டுமா?

கொச்சித் துறைமுகப் பணி தொடர்பான அஃப்கான்ஸ் எதிர் செரியன் வர்க்கி வழக்கை எடுத்துக்கொள்வோம். துறைமுகப் பொறுப்புக் கழகம் பாலங்கள் கட்டும் வேலையை அஃப்கான்ஸ் நிறுவனத்திடம் கொடுத்தது. அஃப்கான்ஸ் அதில் ஒரு பகுதியை 2001இல் செரியன் வர்க்கி நிறுவனத்துக்கு உள்ஒப்பந்தமாக விட்டது. பணம் தொடர்பான தகராறு முற்றியதும், உள்ஒப்பந்ததாரர் 2 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டு உரிமையியல் வழக்குப் போட்டார். உள்ஒப்பந்தத்தில் நடுவர் முறைக்கான விதி எதுவும் இல்லை. இருந்தும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவைக் காட்டி வழக்கை நடுவரிடம் அனுப்பும்படி வாதி கேட்டார். அஃப்கான்ஸ் மறுத்தது. மறுப்பை மீறி விசாரணை நீதிமன்றம் 2005இல் அனுப்பியது. கேரள உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது.

2010இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுகளை ரத்து செய்தது. காரணத்தைப் புரிந்துகொண்டால் ஒப்பீட்டில் பாதி முடிந்துவிடும். நடுவர் முறையில் ஒருவர் சம்மதம் கொடுப்பது வாசலில் மட்டுமே. உள்ளே போனபின் நடுவர் தருவது தீர்ப்பு. தோற்றவருக்குப் பிடிக்காவிட்டாலும் அவரைக் கட்டும். 1996ஆம் ஆண்டு நடுவர் மற்றும் இணக்குவிப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவில் சொல்லப்பட்ட குறுகிய காரணங்களுக்காக மட்டுமே நீதிமன்றத்தில் அதை எதிர்க்கலாம். சாட்சியத்தை மறுபடி எடைபோடச் சொல்லி மேல்முறையீடு செய்ய வழியில்லை. வெளியேறும் உரிமை இவ்வளவு சுருங்குவதால்தான் நுழையும்போது சம்மதம் கட்டாயம். நீதிமன்றம் அதைத் தானாக உருவாக்கித் தர முடியாது.

உச்ச நீதிமன்றத்தின் அதே தீர்ப்பு, சமரசத்துக்கு, அதாவது மீடியேஷனுக்கு, வழக்கை அனுப்ப இருவர் சம்மதமும் தேவையில்லை என்றது. முதலில் படிக்கும்போது இது முரணாகத் தோன்றலாம். ஆனால் சமரசரிடம் தீர்ப்பு சொல்லும் அதிகாரம் இல்லை. விருப்பமின்றி வந்து உட்கார்ந்தவர், கையெழுத்திடாமல் எழுந்து போகலாம். வழக்கு திரும்ப நீதிமன்றத்துக்கே வரும். வாசலில் இழந்த சம்மதம் முடிவில் முழுதாக அவர் கையில் இருக்கிறது.

கன்சிலியேஷன் எனும் இணக்குவிப்பில் இரண்டு இடத்திலும் சம்மதம் வேண்டும். 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவர் அழைக்க, மற்றவர் ஏற்றால்தான் அது தொடங்கும். இணக்குவிப்பவர் எந்தக் கட்டத்திலும் தீர்வு யோசனையைத் தாமே முன்வைக்கலாம், உடன்பாட்டின் வாசகத்தையும் எழுதித் தரலாம். ஆனால் ஏற்பது தரப்பினர் விருப்பம். கையெழுத்தாகிவிட்டால், 74ஆம் பிரிவின்படி அந்த உடன்பாட்டுக்கு நடுவர் தீர்ப்பின் தகுதி கிடைக்கும். பலர் எழுதத் தவறும் இடம் இது.

நீதிமன்ற வழக்கிலோ இரண்டு இடத்திலும் சம்மதம் கேட்பதில்லை. சம்மன் வந்தால் வந்தாக வேண்டும். தீர்ப்பு வந்தால் மேல்முறையீடு போகலாமே தவிர, ஒதுக்கிவிட முடியாது. இது குறையாகவே எழுதப்படுகிறது. எனக்கு அது பலமாகத் தெரிகிறது. மோசடி, போலி ஆவணம் பற்றிய கடுமையான குற்றச்சாட்டு, பலரது நலன் அடங்கிய பிரதிநிதித்துவ வழக்கு ஆகியவற்றை மாற்றுமுறைக்குப் பொருந்தாதவையாக அஃப்கான்ஸ் தீர்ப்பே பட்டியலிட்டது. எதிராளி வர மறுக்கும்போதும் வரவழைக்கும் சக்தி நீதிமன்றத்துக்குத்தான் உண்டு.

இவ்வளவையும் எழுதியபின் 2023ஆம் ஆண்டு சமரசச் சட்டத்தை விட்டுவிடாதீர்கள். அது சமரசத்துக்குத் தரும் வரையறையில் இணக்குவிப்பையும் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே, நான் மேலே காட்டிய சமரசம்–இணக்குவிப்பு வேறுபாடு 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் அமைப்பில் நிற்பது என்று விடையில் குறிப்பிட வேண்டும். அதோடு, 2023 அக்டோபரில் அச்சட்டத்தின் சில பிரிவுகள் மட்டுமே நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டன. ஒரு பிரிவைச் சான்று காட்டுமுன் அது அமலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.